மாவடு வந்தாச்சு... யாருக்கு முதலில்?

மதுரையில் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் மாவடு விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். போன வருடம் அவர் போட்ட பதிவில் ஒரே வரிதான்: ‘மாவடு மறுபடியும் ஸ்டாக் வந்தாச்சு, சீக்கிரம் ஆர்டர் பண்ணுங்க!’ ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரே வாடிக்கையாளர் 12 பாட்டில் வாங்கிக்கொண்டார். மாசம் முழுக்கக் காத்திருந்த ஒரு பாட்டி மறுநாள்தான் பதிவைப் பார்த்தார். “வந்தா சொல்றேன்னியேம்மா...” என்று மட்டும் கேட்டார். அதற்கு இவரிடம் பதில் இல்லை.

வடு மாசி, பங்குனியோடு முடிந்துவிடும். மறுபடி போட அடுத்த சீசன்தான். அதனால் இந்த வருடம் பதிவை எழுதும் முன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்.

கையில் 84 பாட்டில். கூரியரில் உடைந்தால் மாற்றித் தர 4 தனியாக வைத்தார். விற்பனைக்கு 80. காத்திருப்போர் பட்டியலில் 46 பேர். ஆளுக்கு 2 கொடுத்தால் 92 வேண்டும், போதாது. ஆளுக்கு 1 என்றால் எல்லோருக்கும் கிடைத்து, 34 மிஞ்சும். ‘ஒருவருக்கு எத்தனை’ என்ற எண் இப்படித்தான் வர வேண்டும். மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டால் பட்டியலின் கடைசியில் இருப்பவர் ஏமாந்துபோவார்.

பிறகு எழுதிய பதிவு இது:

‘மாவடு வந்தாச்சு! 80 பாட்டில்தான். முதலில் காத்திருந்தவர்களுக்கு.
மார்ச் 14 காலை 10 மணி முதல் மார்ச் 15 இரவு 8 மணி வரை: பட்டியலில் உள்ள 46 பேருக்கு மட்டும், ஆளுக்கு 1.
மார்ச் 15 இரவு 8 மணிக்குப் பிறகு: மீதி எல்லோருக்கும். ஒரு வீட்டுக்கு மொத்தம் 2.
அரை கிலோ ரூ.280, கூரியர் தனி. “இருக்கு” என்று பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்க. 2 மணி நேரத்தில் பணம் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.
கிடைக்காதவர்கள் “வடு” என்று மெசேஜ் அனுப்பினால் அடுத்த பட்டியலில் பெயர் சேரும்.’

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. போனில் பதிவின் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும். மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அதனால் எத்தனை இருக்கிறது, யாருக்கு முதலில் என்பது மேலேயே வந்துவிட்டது. ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதாமல் தேதி போட்டதற்குக் காரணம், இன்ஸ்டாகிராமில் பதிவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. மறுநாள் பார்ப்பவருக்கு ‘இன்று’ என்பது தப்பான நாள். பதிலுக்குப் பிறகே பணம் என்றது, இல்லாத பாட்டிலுக்கு வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தவிர்க்க.

‘ஒருவருக்கு’ என்று விடாமல் ‘ஒரு வீட்டுக்கு’ என்றதும் யோசித்துத்தான். ஒரே வீட்டில் மூன்று போன் நம்பர் இருக்கும். முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால், அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதவு எண்ணையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வெவ்வேறு குடும்பங்களை ஒன்றாக நினைத்து மறுத்துவிடுவோம்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டிலும் செய்தி அனுப்பினார். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அனுப்புபவரின் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைப் பார்த்தபோது 11 பெயர்களுக்கு அது போகவே இல்லை என்று தெரிந்தது. அதில் அந்தப் பாட்டியின் பெயரும் இருந்தது. 11 பேருக்கும் அன்றே தனித்தனியாக மெசேஜ் போட்டார். பாட்டிக்கு மட்டும் போன் செய்தார்.

கெடு முடிந்தபோது 46 பேரில் 37 பேர் வாங்கியிருந்தார்கள். வாங்காத 9 பேரின் பாட்டில்களும் சேர்ந்து 43 பொது விற்பனைக்குப் போயின. ஏற்கெனவே ஒன்று வாங்கியவர் இன்னும் ஒன்று வாங்க முடிந்தது. இந்த முறையும் ஒருவர் 10 பாட்டில் கேட்டார். “இப்போ 2 தர்றேன். மொத்தமா வேணும்னா அடுத்த சீசனுக்கு வடு வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, தனியா போட்டுத் தர்றேன்” என்றார். அவரும் ஒப்புக்கொண்டார்.

கடைசி பாட்டில் போனதும் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பதிவைத் திறந்து முதல் வரியை மாற்றினார்: ‘மார்ச் 15 இரவு 9.20: மாவடு தீர்ந்தது. அடுத்த பட்டியலுக்கு “வடு” என்று அனுப்புங்க.’ அதன் பிறகு “இருக்கா?” என்று கேட்டு ஒரு மெசேஜ்கூட வரவில்லை. ‘வடு’ என்று மட்டும் 14 வந்திருந்தன.