அடுப்படியில் வரும் தலைவலி

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து என் மனைவிக்குக் காலையில் சமைத்து முடிப்பதற்குள் தலைவலியும் மயக்கமும் வருகின்றன. வயலுக்கு வந்தால் மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. மாலையில் மறுபடியும் வலி. அடுப்பங்கரையில் சாரல் அடிக்காமல் இருக்கக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். பருத்திமாரும் கருவேல விறகும்தான் எரிக்கிறோம். காரணம் என்ன?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வயலுக்கு வந்தால் சரியாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதி அந்தத் தார்ப்பாயில் இருக்கிறது. கூரையடி இடைவெளிதான் இத்தனை நாளும் புகைபோக்கியாக இருந்தது. அதை அடைத்த பிறகு புகை உள்ளேயே சுற்றுகிறது. விறகும் ஈரம். ஈரத்தை விரட்டவே சூடு செலவாவதால் நெருப்பு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு அதிகம் வருகிறது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைச் சுமக்க வேண்டிய ரத்தச் சிவப்பணுக்களில், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் தலைவலி, குமட்டல், மூச்சுவாங்கல். நல்ல காற்றுக்கு வந்தபின் ரத்தத்தில் இது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். வலி மதியம் வரை நீடிப்பது இதனால்தான். வலி மாத்திரை இந்த வாயுவை வெளியேற்றாது.

புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கனன்று கொண்டிருக்கும் தணலிலிருந்தும் இந்த வாயு வருகிறது, கண்ணும் எரியாது. துணி காயவைக்கவோ குளிருக்கோ தணல் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி இதில் ஏமாற்றும். இந்த வாயு ஒட்டிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டும். ரத்தப் பரிசோதனைதான் சரி.

தார்ப்பாயைக் கூரையடியிலிருந்து எடுத்து, சாரல் வரும் பக்கம் மட்டும் வெளியே தாழ்வாரம்போல இறக்கிக் கட்டலாம். இரண்டு நாள் விறகைப் பிளந்து அடுப்புக்குச் சற்றுத் தள்ளி உலர வைக்கலாம். புகைபோக்கி அடுப்பு வைத்தால் குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும்; கரி அடைத்தால் புகை திரும்ப உள்ளேதான் வரும். எரிவாயு இருந்தால் நீண்ட நேரம் வேகும் சமையலையாவது அதற்கு மாற்றுவது நல்லது.

தலைவலி போய்விடும். நுரையீரல் கதை வேறு. புகையின் நுண்துகள்கள் வருடக்கணக்கில் மூச்சுக்குழல்களை வீங்கவைத்துச் சுருக்குகின்றன. பீடியைத் தொட்டே அறியாத பெண்களுக்கும் சளி இருமல் மாதக்கணக்கில் நிற்காமல், களையெடுக்கும்போதே மூச்சு வாங்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். சுருங்கியது பழையபடி ஆகாது; புகையை நிறுத்தினால் மேலும் கெடுவது குறையும். இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை கேளுங்கள். எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் பீடி, சிகரெட்டைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள்.