எந்தக் காரணத்தைத் தொடுவது?

கூலாய் தாமான் புத்ரியில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா, 189 வெள்ளிக்கு இரட்டை பர்னர் கண்ணாடி அடுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கினார். பார்சலைப் பிரித்தால், கண்ணாடியின் வலது மூலையிலிருந்து பர்னர் வரைக்கும் ஒரு விரிசல். செயலியில் பணத்தைத் திரும்பக் கேட்கும் பாரத்தைத் திறந்ததும் காரணப் பட்டியல் வந்தது. சேதமடைந்து வந்தது, இயங்கவில்லை, வேறு பொருள் வந்துவிட்டது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, மனம் மாறிவிட்டது என்று வரிசையாக.

"அடுப்பு இனிமே உதவாதுதானே தம்பி, இயங்கலன்னு போட்டுடவா?" என்றார் அக்கா.

"பத்த வெச்சே பாக்கலியேக்கா. பத்த வைக்கவும் கூடாது" என்றேன்.

இந்தப் பட்டியலை நம்மவர்கள் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் உண்மையில் அது கேட்பது, இந்த நஷ்டம் யார் கணக்கில் விழ வேண்டும் என்பதைத்தான். 'இயங்கவில்லை' என்று போட்டால், இயங்காததைக் காணொளியில் காட்டு என்பார்கள். அதற்காக அடுப்பை மூட்டினால், பயன்படுத்திய பொருள் என்று விற்பனையாளர் பேசத் தொடங்குவார். விரிசல் விட்ட கண்ணாடியைச் சூடாக்குவது ஆபத்து என்பது வேறு. 'மனம் மாறிவிட்டது' இதைவிட மோசம். அந்தக் காரணத்துக்குப் பொருள் புதுசாகவே திரும்பிப் போக வேண்டும். உடைந்த அடுப்பு போய்ச் சேர்ந்தால் உடைத்தது நீங்கள்தான் என்றாகிவிடும். அனுப்பும் செலவும் நம் தலையில் விழலாம். அக்காவுக்குப் பொருந்துவது 'சேதமடைந்து வந்தது' மட்டுமே.

அதைத் தொட்டதும் படம் கேட்டது. விரிசலை மட்டும் மிக நெருக்கத்தில் எடுத்து அனுப்பினால் போதாது. அது எந்த அடுப்பின் விரிசல் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் முழு அடுப்பும் தெரிய ஒரு படம், பிறகு விரிசல், பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த கூரியர் சீட்டு, அதன் பார்சல் எண் வாசிக்கும்படியாக. விரிசலைச் சாய்வான வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளை வட்டம்தான் விழும்.

பலர் விட்டுவிடும் படம் இன்னொன்று உண்டு. பெட்டிக்குள் பொருளை எப்படிச் சுற்றி வைத்திருந்தார்கள் என்பது. அக்காவின் பெட்டி வெளியே ஒரு நசுங்கலும் இல்லாமல் இருந்தது. உள்ளே ஒரே சுற்று குமிழித் தாள். மூலைகளில் நுரைக்கட்டி எதுவும் இல்லை. பெட்டி நசுங்கியிருந்தால் கூரியர்காரர் பக்கம் சந்தேகம் போகும். பெட்டி நன்றாக இருந்து உள்ளே பாதுகாப்பு இல்லையென்றால் கட்டியவர் பதில் சொல்ல வேண்டும். எனவே பெட்டியையும் தாளையும் குப்பைக்குப் போடாமல் வைத்திருங்கள். பிரிக்கும்போதே கைப்பேசியில் காணொளி எடுப்பது இன்னும் நல்லது, சீட்டைக் காட்டித் தொடங்கி இடையில் நிறுத்தாமல்.

மறுநாள் விற்பனையாளரிடமிருந்து செய்தி வந்தது: 30 வெள்ளி திருப்பித் தருகிறேன், அடுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கீறலாக இருந்தால் யோசிக்கலாம். சமையலுக்கு உதவாத கண்ணாடிக்கு இது பேரமே அல்ல. அக்கா மறுத்தார். முழுத் தொகைக்காகப் பொருளைத் திருப்பி அனுப்பினார். கட்டும்போதும் படம் எடுத்தோம். கூரியர் கடை தந்த ரசீதைப் பத்திரப்படுத்தினோம். அடுப்பு போய்ச் சேர்ந்த பிறகு பணம் வந்தது, கழிவுச் சீட்டு போக அவர் உண்மையில் கட்டிய தொகை.

செயலி கைவிரித்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இணைய வாணிபத்துக்கும் பொருந்தும். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டிப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். பாரத்துக்காக எடுத்த அதே படங்களும் ரசீதும் அங்கேயும் சாட்சியாகும். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பை நிறைவேற்ற வைப்பது கடினம். அவர்களிடம் வாங்கும்போது செயலியின் பாரம்தான் நமக்கு உள்ள முதல் பிடி, பல நேரம் கடைசிப் பிடியும்.

ஒரு வேண்டுகோள். பொருளைப் பிரித்துப் பார்க்கும்முன் செயலியில் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் விற்பனையாளருக்குப் பணம் போய்விடலாம், பாரமும் சில செயலிகளில் மூடிக்கொள்ளலாம்.