சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்

மலைச்சரிவில் வீடு கட்டுவதே ஆபத்து என்று பெரியவர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் ஹைலண்ட் டவர்ஸைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் அதன் முதல் புளோக் சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். சிவில் பொறியியல் மாணவன் என்ற முறையில் நான் மலையைவிட, வெளியேற வழியில்லாத தண்ணீரையே குற்றம் சொல்வேன்.

அந்த 12 மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் சரிவைப் படிப்படியாக வெட்டிக் கற்சுவர்கள் எழுப்பியிருந்தார்கள். மலையில் ஓடிய ஓடையைக் குழாய் வழியே திருப்பிவிட்டிருந்தார்கள். பல நாள் மழையில் நீர் சரிவுக்குள் இறங்கியது. சுவர்கள் விழுந்தன, நகர்ந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. அடியில் இருந்தவை தண்டவாள இரும்புத் தூண்கள். மேலிருந்து வரும் பாரத்துக்காகப் போடப்பட்ட அவற்றால் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க முடியவில்லை.

தண்ணீரால் அவ்வளவு செய்ய முடியுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் உலர்ந்த மணல் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 2.7 டன் விசை சுவரைத் தள்ளும். அதே மணலில் உச்சி வரை நீர் தேங்கினால் அது 6 டன் அளவுக்குப் போய்விடும். சுவர் அதேதான், பாரம் இருமடங்குக்கும் மேல்! அதனால்தான் சுவருக்குப் பின்னால் சரளைக் கல் நிரப்பி, மண் புகாமல் வடிதுணி விரித்து, சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் வைக்கிறார்கள். சரிவின் உச்சியில் ஒரு கால்வாய் இருந்தால், மேலிருந்து வரும் மழைநீர் சுவரை எட்டுவதற்கு முன்பே திசைமாறும்.

வீட்டின் தளங்களையும் சரிவோடு சேர்த்துப் படிப்படியாக இறக்கினால் ஒரே இடத்தில் உயரமாக வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சுவரும் குட்டையாகவே இருக்கும். ஆனால் மேல்தளத்தின் அடித்தளம் ஆழமாக இறங்காவிட்டால், அதன் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறிவிடும். கூரைநீரை அடித்தளத்தின் ஓரத்தில் கொட்டவிடுவது இன்னும் மோசம். கசியாத குழாயில் அதைப் படிக்கால்வாய் வரை கொண்டுபோக வேண்டும்.

மலையோர கொண்டோ பார்க்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்க்கிறார்கள். நான் கனமழைக்கு மறுநாள் போய்ச் சுவரைப் பார்க்கச் சொல்வேன். துளைகள் வறண்டிருந்தால் அடைத்திருக்கலாம். கலங்கல் நீர் வந்தால் உள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது. சுவரின் வயிறு புடைத்திருந்தாலோ, கால்வாய்த் தரை பிளந்திருந்தாலோ உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், உச்சிக் கால்வாய் பெரும்பாலும் குடியிருப்பின் வேலிக்கு அப்பால், வேறொருவர் நிலத்தில் இருக்கிறது. மின்தூக்கிக்குப் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் நிர்வாகம், அங்கே ஏறி இலைச்சருகை அள்ள யாரை அனுப்புகிறது? வீடு வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதற்குப் பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் வாதம்.