ஒப்பம் வைக்க முதல் வாசித்துக் காட்டுங்கள்

வேலைக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வருகிற எங்களுக்கு, போன் களவுபோனால் இழப்பு இரண்டு தரம் நடக்கிறது. முதலில் பஸ்ஸில், பிறகு பொலிஸ் நிலையத்தில்.

எங்களில் ஒருவர் புறக்கோட்டையில் பஸ் ஏறேக்க, பொக்கெற்றிலிருந்த போனை உருவிவிட்டார்கள். அரைகுறைச் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், இவர் ஒப்பம் வைத்தார். பிரதியைப் பிறகு அறை நண்பன் வாசித்தால், 'போன் காணாமல் போயுள்ளது' என்றிருக்கிறது. களவு என்ற சொல்லே இல்லை. காணாமல் போனதென்றால் கள்ளன் இல்லை, கள்ளன் இல்லையென்றால் தேட வேண்டியதும் இல்லை!

"சிங்களம் படிச்சிட்டு வந்திருக்கலாமே" என்பவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்டச் சொல்கிறது. அந்த மொழியில் எழுத ஆளில்லையென்றால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

ஆகவே தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கோ. இடம், நேரம், 'களவெடுத்தார்கள்' என்ற சொல், போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த எண் போன் வந்த பெட்டியில் இருக்கும். பெட்டி இல்லாதவர்கள் இன்றைக்கே *#06# அழுத்திக் குறித்து வையுங்கோ.

விளங்காத தாளில் ஒப்பம் கேட்பது உதவியல்ல. எங்கள் வாக்குமூலத்தை எங்களிடமிருந்தே எடுத்துக்கொள்வது, அதுவும் களவுதான்.