பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறினாலும் கினிகத்தேனைக்கு இறங்கினாலும் ஏ-7 வீதியில் நேராக ஓடும் துண்டு கொஞ்சம்தான். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் வளைவுகளில் தண்ணீர் ஓடும். மாலையில் பனிமூட்டம் இறங்கும். இதே மலைநாட்டில், நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், 2023 ஜனவரி 20ஆம் திகதி பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். இத்தகைய வீதிகளில் வண்டி ஓட்டப்போகும் நம் பிள்ளைகளை எந்த லேனர்ஸில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: "மொத்தம் எவ்வளவு?"

அந்தக் கேள்வி போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையம் 20,000 ரூபா கேட்கிறது, பத்து நாள் பயிற்சி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரம். ஆனால் காரில் நான்கு பேர். அப்படியானால் ஒருவர் கையில் ஸ்டியரிங் இருப்பது நாளுக்கு 15 நிமிடம், மொத்தம் இரண்டரை மணிநேரம். மற்றொரு நிலையம் 30,000 ரூபா கேட்கிறது. 15 நாள், நாளுக்கு அரை மணிநேரம், தனியாக. மொத்தம் ஏழரை மணிநேரம். முதலாவதில் ஒரு மணிநேரப் பயிற்சிக்கு 8,000 ரூபா, இரண்டாவதில் 4,000 ரூபா. மலிவென்று நினைத்தது இரு மடங்கு விலையாகிறது. ஆகவே முதலில் கேட்கவேண்டியது, "வண்டி என் பிள்ளையின் கையில் எத்தனை மணிநேரம் இருக்கும்?" என்பதே.

அடுத்து, அந்தக் கட்டணத்துக்குள் எவை அடங்குகின்றன என்று கேட்கவேண்டும். மருத்துவச் சான்றிதழுக்கும் திணைக்களக் கட்டணத்துக்கும் தனியே பணம் கேட்பார்களா? ட்ரயல் அன்று வண்டி தருவதற்கு வேறு காசா? சித்தியடையாவிட்டால் மறுமுறைக்கு எவ்வளவு? பாதியில் நின்றால் மீதிப் பணம் கிடைக்குமா? இவற்றையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நாட்சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசு அது. வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்துவிடக் கூடாது.

நிலையம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா, கற்றுத்தருபவரிடம் பயிற்றுநர் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் உரிமை. நேர்மையான நிலையம் அதைக் காட்டத் தயங்காது. பயிற்றுநரின் பக்கத்திலும் பிரேக் பெடல் இருக்கிறதா என்று வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். மழையில் வளைவொன்றில் பழகுபவர் பதறும்போது உயிரைக் காப்பது அந்தப் பெடல்தான்.

நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு: பயிற்சி எங்கே நடக்கும்? மைதானத்திலும் சமமான வீதியிலும் மட்டும் ஓட்டிப் பழகியவர் ட்ரயலில் சித்தியடையலாம். வட்டவளை ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்ப அது போதாது. ஹென்ட் பிரேக்கைப் பிடித்து, கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சின் வண்டியை இழுக்கத் தொடங்கியபின் பிரேக்கை விடும் பழக்கம் பலமுறை செய்தால்தான் கைக்கு வரும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரிலேயே இறங்கி, எஞ்சினை வேகத்தைப் பிடித்துவைக்க விடவேண்டும். பள்ளத்துக்கு வருமுன்பே கியரைக் குறைக்கச் சொல்லித்தரும் பயிற்றுநரே நமக்கு வேண்டியவர். சேருமுன் ஒருநாள் அவர் வேறொருவருக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பழகுபவர் தவறும்போது திட்டுகிறாரா, காரணத்தைத் தமிழில் விளக்குகிறாரா என்பதும் தெரியும்.

"கொஞ்சம் கூடக் கொடுத்தால் ட்ரயல் பாஸ்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். பழகாமலே லைசன் எடுத்தவர் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வீதியில்தான் நாளை ஓட்டுவார்.

இது தனித்தனி வீடுகள் மட்டும் சுமக்கும் பொறுப்பன்று. நிலைய உரிமையாளர்கள் ஸ்டியரிங் நேரத்தையும் முழுக் கட்டணத்தையும் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்கட்டும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களும் ஆலய நிர்வாகசபைகளும் இளைஞர் கழகங்களும் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டு லயங்களுக்குக் கொடுக்கட்டும். பத்துக் குடும்பங்கள் ஒரே கேள்விகளோடு போனால் பதில் சொல்லாமல் எந்த நிலையமும் இருக்க முடியாது. பெற்றோரே, இளைஞரே, பதில் எழுத்தில் கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள்.