நூறு கிலோமீற்றரும் ஒரு போத்தல் தண்ணீரும்



சென்ற மாதம் வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவருடைய மகன் மலேசியாவில் தொழில் செய்கிறார். வயது முப்பத்திரண்டு. அங்கே நூறு கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு முழுவதும் ஓடி மறுநாள் காலையில் முடிக்க வேண்டும். ஒரு ஏரியைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் பாதை. அதைப் பத்து முறை சுற்ற வேண்டும். "மருமகள் ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குச் சாப்பாடு கொடுக்க அங்கே உட்கார்ந்திருப்பாளாம். நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். வேறு என்ன சொல்லி அனுப்புவது?" என்று கேட்டிருந்தார்.

அந்தத் தாயின் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நூறு கிலோமீற்றர் அல்ல, 'நிறையத் தண்ணீர்' என்ற வார்த்தைதான். ஏன் என்று சொல்கிறேன்.

மரதன் ஓட்டம் 42 கிலோமீற்றர் என்பது நமக்குத் தெரியும். அதற்கு மேற்பட்ட ஓட்டங்களும் உலகில் நெடுங்காலமாக நடக்கின்றன. நமது நாட்டிலேயே 2016 பெப்ரவரியில் ஏழு நாட்களில் 250 கிலோமீற்றர் கடக்கும் ஓட்டம் ஒன்று நடந்தது. ஒரு வாரத்துக்கான உணவை ஓடுபவரே முதுகில் சுமக்க வேண்டும். தண்ணீரும் கூடாரமும் மட்டுமே ஏற்பாட்டாளர்கள் தந்தவை. இத்தகைய ஓட்டங்களை இடையில் விட்டுவிடுபவர்களைக் கேட்டால், கால் வலித்தது என்பதைவிட வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை, பாதம் கொப்பளித்துவிட்டது என்பவர்களே அதிகம். இரண்டும் வழியில் உட்கார்ந்திருப்பவர் கவனித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. ஆகவே இந்த மாதம் அந்த மருமகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் வேகம். ராஜஸ்தானின் அஜ்மீரைச் சேர்ந்த சூஃபியா கான் என்ற சகோதரி, முன்பு டில்லி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர், 2019ஆம் ஆண்டு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,035 கிலோமீற்றரை 87 நாட்களில் ஓடி முடித்தார். வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்குச் சராசரியாக 46 கிலோமீற்றர். ஒரு நாள் எண்பது ஓடி மறுநாள் படுத்துக்கிடந்தால் இந்தக் கணக்கு வராது. நாளைக்கும் மிச்சம் வைத்து இன்று ஓடுவதுதான் நெடுந்தூரத்தின் முறை.

அந்த மகனுக்கும் அதுவே. மாலையில் கால் புதிதாக இருக்கும், கூட இருப்பவர்கள் பாய்வார்கள், அவரும் முதற் சுற்றை ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைப்பார். அது வேண்டாம். இருபத்தைந்து நிமிடம் மெதுவாக ஓடி ஐந்து நிமிடம் நடப்பதை முதற் சுற்றிலிருந்தே பழக்கமாக்கட்டும். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமலிருக்க நடப்பது வேறு. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதிகம். முதல் ஐந்து சுற்றுக்கும் ஒரு மணி இருபது நிமிடம் வீதம் வைத்தால் இரவு பதினொன்று நாற்பதுக்குப் பாதித் தூரம் முடியும். அடுத்த மூன்று சுற்றும் நள்ளிரவுச் சுற்றுகள். ஒன்றே முக்கால் மணி வீதம் விடலாம். அதன்பின் மிஞ்சுவது இரண்டே சுற்று. காலை எட்டேகாலுக்கு முடிக்கலாம். முதலிரண்டு சுற்றில் பாய்ந்து நாற்பது நிமிடம் மிச்சம் பிடிப்பவர், பின்னிரவில் முழுச் சுற்றையும் நடந்தே கடக்க நேரிட்டால், ஒரு சுற்றுக்கே இரண்டு மணிக்கு மேல் போகும். மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

வேகத்தை அடக்குவதில் இன்னொரு நன்மை உண்டு. வேகமாக ஓடும்போது இரத்தம் கால்களுக்கு ஓடிவிடுகிறது, வயிற்றுக்குக் குறைகிறது. அப்போது கொடுக்கும் உணவு செரிக்காமல் குமட்டும். மெதுவாக ஓடுபவரின் வயிறுதான் வேலை செய்யும்.

இனி உணவு. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 65 கலோரி செலவாகும். நூறு கிலோமீற்றருக்கு 6,500. இதை வழியில் முழுவதுமாகச் சாப்பிட்டு ஈடுசெய்ய முடியாது. ஓடும் வயிறு மணிக்கு இருநூறு, இருநூற்றைம்பது கலோரிக்கு மேல் எளிதில் ஏற்காது. மீதியை உடம்பில் சேர்ந்திருக்கும் மாச்சத்தும் கொழுப்பும் தரும். ஆகவே மருமகள் செய்ய வேண்டியது வயிறு நிறையக் கொடுப்பதல்ல, நிற்காமல் கொடுப்பது. மூன்று பேரீச்சம்பழமும் ஒரு சிறிய வாழைப்பழமும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஒரே தடவையில் திணிக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கையிலேயே கொடுத்தனுப்பட்டும். பசி எடுத்தபின் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். முதற் சுற்று முடிந்ததுமே தொடங்க வேண்டும்.

எட்டு மணி நேரம் இனிப்பையே தின்றவருக்கு நள்ளிரவில் இனிப்பைக் கண்டாலே வெறுப்பு வரும். அப்போது உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, சூடான சூப் இவற்றைத்தான் அனுபவசாலிகள் எடுப்பார்கள். நாம் நோன்பு திறக்கக் காய்ச்சும் கஞ்சியைத் தேங்காய்ப்பாலும் மிளகும் குறைத்து, தண்ணியாகக் காய்ச்சினால் அதற்கு மேலான பொருள் இல்லை. ஆனால் எதையும் அன்று முதன்முறையாகக் கொடுக்கக் கூடாது. பயிற்சி ஓட்டங்களில் இரண்டு மூன்று முறை கொடுத்து, வயிறு ஏற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். தென்னாபிரிக்காவில், நம் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர் தூரமுள்ள கொம்ரேட்ஸ் ஓட்டம் 1921 முதல் நடக்கிறது. இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களில் மயங்கி விழுந்த சிலரைச் சோதித்த அந்நாட்டு டொக்டர் டிம் நோக்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1985இல் ஒரு உண்மையை எழுதினார்கள். அவர்களுக்குத் தண்ணீர் குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு குறைந்து, மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. இது உயிரையும் எடுக்கக்கூடியது. அன்பினால் ஊட்டும் தண்ணீரே ஆபத்தாகும் இடம் இது.

அளவு தாகம்தான். மலேசிய இரவில் மணிக்கு அரை லீற்றர் போத்தல் ஒன்று பலருக்குப் போதும். வியர்வைக்கேற்பச் சற்றுக் கூடலாம், குறையலாம். தாகமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். மருமகள் ஒரு நிறை பார்க்கும் தராசைக் கொண்டுபோகட்டும். தொடங்குமுன் 65 கிலோ இருந்தவர் பாதித் தூரத்தில் 64 இருந்தால் கவலையில்லை. 62க்கும் கீழே இறங்கி, வாய் உலர்ந்து, சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. சற்று நடக்கவிட்டு, ஜீவனி கரைசலை மிடறு மிடறாகக் கொடுக்கலாம். ஆனால் நிறை 66 காட்டினால், மோதிரம் இறுகி விரல்கள் உப்பியிருந்தால், தண்ணீரை நிறுத்தி உப்பான உணவு கொடுக்க வேண்டும். அத்துடன் தலைவலி, வாந்தி, தடுமாறிய பேச்சு சேர்ந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. உடனே டொக்டரிடம் காட்டி, 'நிறை கூடியிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் களைப்பு என்று நினைத்து யாராவது இன்னும் தண்ணீர் கொடுத்துவிடலாம்.

வலிக்கென்று புரூபன் போன்ற மாத்திரையை ஓட்டத்தின்போது கொடுக்கவே கூடாது. நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படுகிறது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து கலக்கிறது என்று பொருள். அதுவும் ஆஸ்பத்திரிக்குரிய அடையாளம்.

அடுத்தது பாதம். நான் பதினாறு வயதில் ஹர்த்தால் நாளொன்றில் பஸ் இல்லாமல் ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடிக்கு நடந்து வந்தேன். குதிகாலில் சூடு தட்டியதைச் செங்கலடியிலேயே உணர்ந்தேன். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். ஒரு வாரம் சப்பாத்துப் போட முடியவில்லை. அந்தச் சூடுதான் கொப்புளத்தின் முதல் அறிவிப்பு. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து நீர் கோக்கும். சூடு தட்டியவுடன் நின்று, துடைத்து உலர்த்தி, சுருக்கமில்லாமல் பிளாஸ்டர் ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். விட்டால் ஐந்து மணி நேரம் நொண்ட வேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். ஆகவே சப்பாத்து வழமையைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். விரல்களுக்கிடையில் வெசலின் பூசி, மூன்று சுற்றுக்கு ஒருமுறை மேஸ் மாற்ற வேண்டும். வழியில் வுழூ செய்தால் விரலிடுக்குகளை நன்றாக உலர்த்திய பிறகே மேஸ் போடட்டும்.

கொப்புளம் சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்க வேண்டாம். மிதிக்க முடியாமல் வலித்தால், கையைக் கழுவி, சுத்தமான புதிய ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று துளையிட்டு நீரை வடிய விட்டு, மேல்தோலை உரிக்காமல் மருந்திட்டு மூட வேண்டும். இரத்தம் கோத்த கொப்புளத்தைத் தொடக் கூடாது. சீனி வியாதி உள்ளவர் இதைத் தானாகச் செய்யக் கூடாது.

கடைசியாக, இரவு. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பின் சூடு இறங்கும், கண் சொருகும். வேகமும் குறைந்திருப்பதால் வியர்வையில் நனைந்த சட்டை குளிரெடுக்க வைக்கும். ஒன்றரை மணிச் சுற்றிலேயே உலர்ந்த சட்டை தயாராக இருக்கட்டும். தேத்தண்ணியை முன்னிரவில் வீணாக்காமல் இந்த நேரத்துக்கு வைக்கலாம். நெற்றி விளக்குக்கு மாற்று பெற்றரி வேண்டும். பற்றைகளில் ஆட்கள் நிற்பதுபோல் தோன்றினால் அது ஜின்னல்ல, தூக்கமின்மை. பதினைந்து நிமிடம் கண்ணை மூடினால் பெரும்பாலும் தெளியும். எழுப்புவது மருமகளின் பொறுப்பு.

ஒவ்வொரு சுற்றிலும் அவள் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: இது எத்தனையாவது சுற்று, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், சிறுநீர் போனதா, எங்கே சூடு தட்டுகிறது? முதற் கேள்விக்கே பதில் குழம்பினால் அடுத்த சுற்றுக்கு அனுப்பக் கூடாது. அவர் கோபிப்பார். கோபிக்கட்டும். இதை முன்கூட்டியே இருவரும் பேசி, 'நீ நில் என்றால் நிற்பேன்' என்று அவரிடம் ஒப்புதல் வாங்கிவைப்பது நல்லது. இரவு மூன்று மணிக்குத் தன்னைப் பற்றிச் சரியாகத் தீர்மானிக்கும் நிலையில் ஓடுபவர் இருப்பதில்லை.

வாழைச்சேனைத் தாயே, மருமகளிடம் மறுபடி பேசும்போது 'நிறையத் தண்ணீர் கொடு' என்பதை மாற்றி, 'தாகத்துக்குக் கொடு, தராசைப் பார்' என்று சொல்லுங்கள். ஓட்டம் முடிந்ததும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தச் செய்தியையும் இந்தப் பக்கத்தில் சகோதரிகளுக்குச் சொல்வேன்.

வஸ்ஸலாம்.