வரி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் கோபம் வேண்டாம், எண் வேண்டும்



என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் 2023 டிசம்பரில் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வருமான வரித்துறையிலிருந்து பிரிவு 143(1)ன்கீழ் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. 18,420 ரூபாய் கட்ட வேண்டுமாம். "சார், எதுக்கு வம்பு? கட்டிட்டு நிம்மதியா இருந்துடறேன்" என்றார். ஒரு மாத மருந்துச் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்தது அந்தத் தொகை.

நான் அவரைக் கட்ட விடவில்லை. பயத்தில் கட்டுவதும் தவறு, கோபத்தில் எழுதுவதும் தவறு என்பது என் கருத்து. ஏனென்று சொல்கிறேன்.

முதலில் அது உண்மையான அறிவிப்புதானா என்று பார்த்தோம். வரித்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 அக்டோபர் முதல் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வரித்துறை இணையதளத்தில் Authenticate Notice/Order Issued by ITD என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தோம். உண்மையானதுதான்.

அடுத்து, அறிவிப்பை வரி வரியாகப் படித்தோம். அதில் இரண்டு பத்திகள் உண்டு. ஒன்றில் நாம் காட்டிய கணக்கு, மற்றதில் அவர்கள் போட்ட கணக்கு. எல்லா வரியும் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர. நிலுவைச் சம்பளத்துக்கான பிரிவு 89 நிவாரணம் என்று நண்பர் 18,420 காட்டியிருந்தார். அவர்கள் பத்தியில் அங்கே பூஜ்யம். கேட்ட தொகையும் அதேதான். சந்தேகம் எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது.

நண்பர் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கம். முப்பத்துநான்கு வருட சேவை, நேர்மை, மன வேதனை எல்லாம் இருந்தது. பான் எண் இல்லை. ஆண்டு 2022-23 என்று இருந்தது. அது பணம் வாங்கிய நிதியாண்டு. வரித்துறை கோப்பைத் தேடுவது மதிப்பீட்டு ஆண்டை வைத்து, அதாவது 2023-24. இந்த ஒரு பிழை போதும், அவர்கள் வேறு வருடத்துக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு "உங்கள் பெயரில் பாக்கி எதுவும் இல்லையே" என்பார்கள். கோபப்பட்டு என்ன பயன்?

அதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினோம்:

"ஐயா, மதிப்பீட்டு ஆண்டு 2023-24க்கான பிரிவு 143(1) அறிவிப்பு தொடர்பாக. என் பான் எண், அறிவிப்பின் ஆவண அடையாள எண், அதன் தேதி, நான் தாக்கல் செய்த படிவத்தின் ஒப்புகை எண் ஆகியவை மேலே உள்ளன. பிரிவு 89 நிவாரணம் ரூ.18,420 ஏற்கப்படவில்லை. காரணம் என்ன, அதைச் சரிசெய்ய நான் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். வேலை நாட்களில் காலை 11 முதல் 1 மணிக்குள் கீழ்க்கண்ட எண்ணில் அழைத்தால் உதவியாக இருக்கும். எழுத்து மூலமான பதிலையும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். ஒரே கேள்வி. நேரம் குறிப்பிட்டதற்குக் காரணம், நண்பர் மதியம் தூங்கும்போது போனை அணைத்துவிடுவார்.

நான்காம் நாள் அழைப்பு வந்தது. "படிவம் 10E போட்டீங்களா சார்?" என்று கேட்டார்கள். போடவில்லை. நிவாரணம் கேட்பவர்கள் அந்தப் படிவத்தை இணையத்தில் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டே நிமிடத்தில் விஷயம் முடிந்தது. படிவத்தைப் போட்டு, பிரிவு 154ன்கீழ் திருத்தம் கோரினார். பாக்கி ரத்தானது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். கடிதம் போட்டுவிட்டோம், அழைப்பு வரும் என்று காத்திருந்தால் கெடு நிற்காது. அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குப் பிறகு பாக்கிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி ஓடும். அதனால் அன்றைக்கே இணையதளத்தில் Response to Outstanding Demand பகுதியில், இந்தப் பாக்கியை ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதிந்துவிட்டோம்.

இன்னொன்று, நீங்கள் அழைப்பை எதிர்பார்த்திருப்பதால் ஏமாற்றுக்காரன் அழைத்தாலும் நம்பிவிடுவீர்கள். உண்மையான அலுவலர் கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ கேட்க மாட்டார். கேட்டால் வைத்துவிடுங்கள். அறிவிப்பைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டு "இது என்ன?" என்று கேட்பதும் வேண்டாம், அதில் உங்கள் பான் எண் இருக்கிறது.

பணி ஓய்வு பெற்ற அப்பா, அம்மா வீட்டில் இருந்தால், நிலுவைத் தொகை வாங்கிய வருடத்தில் படிவம் 10E போட்டார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். போடாமல் அறிவிப்பும் வந்திருந்தால், மேலே உள்ள கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டை மட்டும் சரிபார்த்து எழுதுங்கள்.